சுமையறிந்த திரைப்படங்கள்

நுழையும்முன்
பேரோசையும் பெருங்கூட்டமும் நிறைந்த திரைப்படங்களைத் தொடர்ந்து பார்த்துச் சலித்தவர்கள், எளிய ஊர்வாழ்வை உள்ளபடி காட்டும் படங்களைத் தேடுகின்றனர். அத்தகைய படங்கள் விளம்பரத்தால் நம்மை வந்தடைவதில்லை. நாம்தாம் தேடிச் செல்லவேண்டும். எங்கே தேடுவது, கண்டதும் எப்படி இனங்காண்பது என்பதைப் போடிநாயக்கனூரை ஒட்டிய ஏலமலைச் சரிவில் நிகழும் ஒரு படத்தைக்கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

தூரில் காய்க்கும் காய்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் நாள் தொடங்குவது கதிரவன் எழுமுன்னரே. ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகள் இருள் பிரியாத வேளையிலேயே தெருமுனைகளில் வந்து நிற்கும். தூக்குவாளியும் மழைத்தாளும் கையில் ஏந்திய பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்ததும் வண்டிகள் போடிமெட்டை நோக்கிப் புறப்படும். அடிவாரத்திற்கும் மெட்டிற்கும் இடையே ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. வளைந்து வளைந்து ஏறும் அச்சாலையின் முடிவில் தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. மலைமேல் விளையும் ஏலக்காய் அடிவாரத்திற்கு வந்து விலையாகிறது. அடிவாரத்தின் உழைப்பு மலைமேல் சென்று கூலியாகிறது. இரு மாநிலங்களுக்கு இடையே நாள்தோறும் நிகழும் இந்த ஏற்றமும் இறக்கமுமே போடியின் வாழ்க்கை.

இதே மலைத்தொடர் நம் திரைப்படங்களில் பல்லாண்டுகளாகத் தோன்றிவருகிறது. ஆயினும் பெரும்பாலும் அது பாடலுக்குப் பின்னால் விரித்த பச்சைத் திரையாகவே இருந்துள்ளது. நாயகி செடிகளுக்கு இடையே நின்றபடி, இடுப்பளவு உயரத்தில் எதையோ பறித்துக் கூடையில் இடுவாள். தேயிலைக்கு அது ஓரளவு பொருந்தும். ஏலச்செடிக்குப் பொருந்தாது. ஏலச்செடியின் தண்டு ஆளுயரத்தைத் தாண்டி வளரினும், பூவும் காயும் அதன் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில்தாம் உண்டாகின்றன. எனவே ஏலக்காய் எடுப்பவர் நாள்முழுதும் குனிந்தோ குந்தியோதான் இருக்கவேண்டும். எல்லாக் காய்களும் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் தேர்ந்து எடுத்துவிட்டு, ஏறத்தாழ நாற்பது நாள் கழித்து மீண்டும் அதே தூருக்கு வரவேண்டும். மழை, அட்டை, ஈர மண், முதுகுவலி ஆகிய யாவும் இவ்வேலையோடு கூடவே வருபவை.

போடியில் வாழும் ஒருவர் பாடற்காட்சியில் இடுப்பளவு உயரத்தில் காய்பறிக்கும் நாயகியைக் கண்டால் மெல்லச் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் ஒரு திறனாய்வு அடங்கியுள்ளது. படம் எடுத்தவர் அவ்வேலையைப் பார்த்ததில்லை என்பதை அவர் ஒரே நொடியில் அறிந்துகொள்கிறார். இயல்பு வாழ்வைக் காட்டும் படங்களைத் தேடுவோர்க்கு இது நல்ல தொடக்கம். நமக்கு நன்கு தெரிந்த ஒரு வேலையைப் படம் எவ்வாறு காட்டுகிறது என்று பார்ப்பதே எல்லாவற்றுக்கும் முதலான சோதனை.

மெதுவாக நகர்வது போதாது

ஆரவாரமற்ற படம் என்றதும் மெதுவாக நகரும் படம் என்றோ, துயரம் மிகுந்த படம் என்றோ பலர் எண்ணிக்கொள்கின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் தேடுவோரைத் திசைதிருப்பிவிடும். ஒருவர் சாளரத்தின் அருகே வாளாவிருப்பதை ஐந்து மணித்துளிகள் காட்டுவதால் மட்டும் படம் மெய்ம்மை பெறாது. ஏழ்மையைக் கண்ணீராலும் வயலினாலும் நனைத்துக் காட்டுவதும், நூறு பேரை ஒருவர் அடித்து வீழ்த்துவதைப் போன்றதொரு மிகைதான். அடிக்குப் பதிலாக அழுகை வந்திருக்கிறது, அவ்வளவே.

அரிவாளும் தேர்த்திருவிழாவும் பங்காளிப் பகையும் நிறைந்த 'கிராமத்துப் படங்கள்' இன்னொரு வகை. அவற்றின் வீடுகளும் உடைகளும் உண்மையானவை போலவே தோன்றும். ஆனால் அவ்வூரில் யாரும் வேலைக்குச் செல்வதாகத் தெரியாது. வேட்டியை மடித்துக்கட்டி ஊர்ப்பொதுவில் நிற்பவர்க்குச் சோறு எங்கிருந்து வருகிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்ற வினாக்களுக்கு அப்படங்களில் விடை இராது. நாம் தேடும் படத்திலோ இவ்வினாக்களை நாம் எழுப்பவே தேவையில்லை. கதை நகரும் போக்கிலேயே அவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

படத்தின் நேரம் எதற்குச் செலவிடப்படுகிறது என்று கவனிப்பது இதை அறியும் எளிய வழி. வழக்கமான படத்தில் ஒருவர் மலையேறவேண்டும் எனில், அடிவாரத்தில் ஒரு காட்சியும் உச்சியில் ஒரு காட்சியும் போதும். இடைப்பட்ட நடை வெட்டப்பட்டுவிடும். நாம் தேடும் படத்தில் அந்த நடையே கதையாக இருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை

இதற்குத் தக்க சான்று, 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி இயக்கிய முதற்படம் இது. நடிகர் விஜய் சேதுபதி இதனைத் தயாரித்தார். ஆயினும் படத்தில் அவர் நடிக்கவில்லை. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இசை, இம்மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. முதன்மைப் பாத்திரமான ரங்கசாமியாக ஆண்டனியும் அவர் மனைவி ஈஸ்வரியாகக் காயத்ரி கிருஷ்ணாவும் நடித்தனர். பிறவற்றில் பலர் அம்மண்ணின் மக்களே.

போடிக்குத் தெற்கே தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் என மலையை ஒட்டியே ஊர்கள் தொடர்கின்றன. வாகனச் சாலை இல்லாத இடங்களில், தோட்டத்திற்கு வேண்டிய அரிசியும் பருப்பும் மேலே செல்வதும், விளைந்த ஏலக்காய் கீழே இறங்குவதும் ஒற்றையடிப் பாதைகளில் ஆட்களின் தலையிலும் தோளிலும் கழுதைகளின் முதுகிலுந்தான் நிகழ்ந்தன. ரங்கசாமி அவ்வாறு சுமை தூக்கும் கூலியாள். சொந்தமாகக் கையளவு நிலம் வாங்கவேண்டும் என்பதே அவரது விருப்பம். படத்தின் கதை இவ்வளவுதான் என்று கூறிவிடலாம். ஆனால் அதன் முதற்பகுதியில் இக்கதையைக் காட்டிலும் நடையே மிகுதி. விடியுமுன் எழுந்து மலையேறும் ரங்கசாமியோடு நாமும் ஏறுகிறோம். வழியில் எதிர்ப்படுவோர் பேசுகின்றனர், செய்தி சொல்லியனுப்புகின்றனர், தேநீர் அருந்துகின்றனர். இவர்களுள் பலர் கதைக்குப் பயன்படவேண்டும் என்பதற்காக வந்தவர்களாகத் தோன்றுவதில்லை. அப்பாதையில் வாழ்வதனால் வந்தவர்களாகத் தோன்றுகின்றனர். இசை பெரும்பகுதியும் ஒதுங்கி நிற்க, மூச்சிரைப்பும் காலடியும் காற்றும் கேட்கின்றன.

இப்பொறுமையான நடைக்கு ஒரு பயன் உண்டு. அது பின்னர்தான் புலப்படுகிறது. நாள்தோறும் பிறர் மூட்டையைச் சுமந்த ரங்கசாமி, ஒரு நாள் தமக்கு உரிய ஏலக்காய் மூட்டையைச் சுமந்து இறங்குகிறார். அதை விற்றால் நிலத்திற்குப் பணம் ஆகும். பாதையில் அம்மூட்டை கைநழுவிப் பள்ளத்தாக்கில் உருள்கிறது. பாறையில் மோதிக் கிழிகிறது. காய்கள் சரிவெங்கும் சிதறுகின்றன. ஓலமிடும் இசை ஏதும் தேவைப்படவில்லை. அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லையும் நாம் முன்பே நடந்து அறிந்திருப்பதால் அந்த மூட்டையின் எடை நமக்கும் தெரிகிறது.

மூட்டையின் எடையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்பது தகும். பறித்த பச்சை ஏலக்காய் அப்படியே விற்பனைக்கு வருவதில்லை. 'ஸ்டோர்' என்று தோட்டத்தார் வழங்கும் உலர்கூடத்தில் விறகு எரித்த சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் காயவைக்கவேண்டும். காய்ந்தபின் ஐந்து கிலோ பச்சைக்காய் ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்கும். உலர்ந்த மூட்டை 50 கிலோ எனக் கொண்டால், அதற்கு 250 கிலோ பச்சைக்காயைத் தூர்தூராகக் குனிந்து எடுத்திருக்கவேண்டும். எத்தனை முதுகுகளின் உழைப்பு அது! ஏலக்காய் எடையில் சிறிது, விலையில் பெரிது. எனவேதான் ஒரு மூட்டை, ஏழையொருவரின் நிலக்கனவைத் தாங்கக்கூடியதாகவும் அதனை ஒரே நொடியில் அழிக்கக்கூடியதாகவும் இருக்கிறது. நெல் மூட்டை உருண்டிருந்தால் கதை இப்படி அமைந்திராது. இயக்குநர் இக்கணக்கை எங்கும் விளக்கவில்லை. ஆனால் அம்மலையின் பொருளியலை அறிந்தவராலேயே இக்காட்சியைக் கற்பனை செய்திருக்க இயலும்.

தெரிந்து தெளிவோம்
1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன. இதனால் ஏலத்தோட்டங்களின் பெரும்பகுதி ஒரு மாநிலத்திலும் அவற்றில் உழைக்கும் மக்களுள் பலர் வாழும் ஊர்கள் வேறொரு மாநிலத்திலுமாக அமைந்தன. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடிநாயக்கனூரிலும் மலைமேல் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் செயல்படுகின்றன.

சாலை வந்த பிறகு

படத்தின் பிற்பகுதியில் மலைக்குச் சாலை வருகிறது. வழக்கமான திரைக்கதையில் சாலை என்பது முன்னேற்றத்தின் அடையாளம். ஊர்மக்கள் மாலையிட்டு வரவேற்பார்கள். இங்கே சாலையேறி வரும் வண்டி, சுமைகூலிகளின் பிழைப்பை ஏற்றிக்கொண்டு செல்கிறது. இதனை முன்கூட்டியே உணர்ந்தவர் சாக்கோ என்னும் தொழிற்சங்கத் தோழர். அபு வளையங்குளம் ஏற்ற பாத்திரம் அது. சாக்கோ பேசுவது சில இடங்களில் மேடைப்பேச்சாக ஒலிக்கிறது என்பது உண்மை. எனினும் அவரையும் படம் குற்றமற்ற வீரராகத் தூக்கி நிறுத்தவில்லை. நம்பியவர்களால் ஏமாற்றப்பட்ட அவரது சினம் குருதியில் முடிகிறது. அதில் ரங்கசாமியும் சிக்கிச் சிறைசெல்கிறார்.

அதற்குள் ரங்கசாமிக்கு நிலம் கிடைத்திருந்தது. விதையும் உரமும் கடனாகத் தந்தவருக்குப் பணம் திருப்பித்தர இயலாமல் அந்நிலம் கைமாறுகிறது. தேனி மாவட்டத்தில் மலைக்கணவாயின் காற்று வலிமையாக வீசுவதால் காற்றாலைகள் பெருகின. தமதாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளியாகச் சீருடை அணிந்து அமர்கிறார் ரங்கசாமி. வானிலிருந்து பார்க்கும் ஒளிப்படக்கருவி மெல்ல மேலெழுந்து விலக, ஒரு காற்றாலை பலவாகிறது. மனிதர் சிறுத்துப் புள்ளியாகிறார். யாரும் எதுவும் பேசுவதில்லை.

இப்பகுதி முதற்பகுதியைப் போல் நிறைவாக அமையவில்லை என்பது என் கருத்து. மலைப்பாதையில் ஒரு தேநீருக்கு நேரம் ஒதுக்கிய படம், நிலம் கைநழுவும் வரலாற்றை விரைந்து கடந்துவிடுகிறது. கடன் எத்தனை, வட்டி என்ன, எந்த விளைச்சல் பொய்த்தது என்பவற்றை மூட்டையின் எடையைப்போல் நாம் உணர்வதில்லை. உர வணிகரும் ஒரு மனிதராக வளராமல் ஒரு காரணமாக நின்றுவிடுகிறார். நல்ல படத்திலும் மெய்ம்மை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியோடு இராது. எங்கே படம் நடந்தது, எங்கே தாவியது என்று குறித்துக்கொள்ளப் பழகினால், அடுத்த படத்தைத் தேர்வதற்கு அப்பழக்கம் பெரிதும் உதவும்.

பெயர்களைப் பின்தொடர்தல்

இனி, இதுபோன்ற இன்னொரு படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பலர் நடிகர் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவர். இவ்வகைப் படங்களுக்கு அவ்வழி பயன்படுவதில்லை. ரங்கசாமியாக நடித்தவரைப் பலரும் அதற்கு முன் அறிந்திலர். அறியாமையே அவரை நம்பவைத்தது. படம் முடிந்தபின் எழும் பெயர்ப்பட்டியலில் ஒளிப்பதிவாளர், கதையாசிரியர், ஒலியமைப்பாளர் ஆகியோரின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்தம் பிற படங்களுக்குச் செல்வதே நல்ல வழி.

செய்து பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் என்று கண்டோம். அவர் பெயரைப் பிடித்துப் பின்னோக்கிச் சென்றால் 2011இல் சுசீந்திரன் இயக்கத்தில் வந்த 'அழகர்சாமியின் குதிரை' கிடைக்கிறது. எழுத்தாளர் பாஸ்கர் சக்தியின் கதையை அடிப்படையாகக்கொண்ட இப்படத்திலும் இசை இளையராஜாவே. கோயிலின் மரக்குதிரை வாகனம் காணாமற்போக, ஊருக்குள் வழிதவறி வந்த உண்மைக் குதிரையைத் தெய்வத்தின் குதிரை என ஊரார் கட்டிப்போடுகின்றனர். அக்குதிரைக்கு உரியவரோ அதன்மேல் சுமையேற்றிப் பிழைக்கும் எளிய மனிதர். அவருக்குத் தெய்வமும் பிழைப்பும் அக்குதிரைதான். நகைச்சுவை மிகுந்த படமாயினும் அதன் அடியில் ஓடுவது சுமைகூலியின் கணக்கே. அப்பாத்திரத்தை ஏற்ற அப்புக்குட்டிக்குச் சிறந்த துணைநடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

அதே பெயரைப் பிடித்து முன்னோக்கிச் சென்றால் 2024இல் மாரி செல்வராஜ் இயக்கிய 'வாழை' வருகிறது. அங்கே சுமை வாழைத்தார். பள்ளி விடுமுறை நாளில் சேற்றில் இறங்கித் தார் சுமக்கவேண்டிய சிறுவன் அவ்வேலையிலிருந்து தப்ப வழிதேடுகிறான். ஒரு தாருக்கு இவ்வளவு என்னும் கூலிப் பேச்சு அப்படத்தின் திருப்பங்களுள் ஒன்றாகிறது. ஏலமூட்டை, குதிரையின் பாரம், வாழைத்தார் என மூன்று படங்களில் மூன்று சுமைகள். மூன்றையும் ஒரே கண் பார்த்திருக்கிறது. வாழையின் முடிவு பேரிழப்பை நோக்கி விரைவதால் அதனை முற்றிலும் ஆரவாரமற்ற படம் எனக் கூறமுடியாது. எனினும் சேற்றில் புதையும் கால்களை அது நேர்மையாகவே காட்டுகிறது.

இவ்வழிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். தேனி ஈஸ்வரே ஒளிப்பதிவு செய்த 'கர்ணன்' வலிமையான படம்; ஆனால் அமைதியான படம் அன்று. கலைஞர்கள் ஒரே வகைப் படங்களுக்கே பணியாற்றுவதில்லை. ஆகவே பெயர் வழிகாட்டுமேயன்றி உறுதியளிக்காது. ஒரு பெயருக்குப் பதிலாக இரண்டு பெயர்கள் ஒருங்கே வரும் படத்தைத் தேர்வது ஏமாற்றத்தைக் குறைக்கும். ஒளிப்பதிவாளரோடு, மண்ணை அறிந்த ஓர் எழுத்தாளரின் பெயரும் சேர்ந்திருந்தால் நம்பிச் செல்லலாம்.

முன்னோட்டமும் முதற்பத்து மணித்துளிகளும்

முன்னோட்டக் காட்சிகளை அப்படியே நம்பிவிடலாகாது. அமைதியான படத்துக்கும் விற்பனைக்காக விரைவான முன்னோட்டம் வெட்டப்படுவது உண்டு. படத்தின் முதற்பத்து மணித்துளிகளே நம்பத்தக்கவை. அதற்குள் யார் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துவிட்டதா? ஒருவர் பேசும்போது மற்றவர் தம் கைவேலையைத் தொடர்கிறாரா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பேச்சைக் கேட்டு நிற்கிறாரா? வேலையில் இருப்பவர் பெரும்பாலும் கையை நிறுத்தாமலே பேசுவார். இச்சிறு குறிப்பு என்னை அரிதாகவே ஏமாற்றியிருக்கிறது.

மொழியும் ஒரு நல்ல சான்று. போடிப் பகுதியில் தமிழோடு, வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு. மலைமேல் சென்றால் மலையாளம் கலக்கும். அங்குள்ளோர் எல்லோரும் மதுரைத் திரைத்தமிழ் பேசுவதாகக் காட்டும் படம் அம்மலையைக் கேட்டதில்லை என்று பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோட்டக் கணக்கும் சங்கப் பேச்சும் இருமொழிகளுக்கு இடையே இயல்பாக ஏறி இறங்குகின்றன.

ஒலியைக் கவனிக்கக் கற்றவர்க்கு இன்னொரு படத்தைப் பரிந்துரைப்பேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, 2023ஆம் ஆண்டு சனவரியில் திரைக்கு வந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்'. மம்மூட்டி நடித்த இப்படத்துக்கும் ஒளிப்பதிவு தேனி ஈஸ்வரே. கேரளத்துப் பயணி ஒருவர் நண்பகல் உறக்கத்தினின்று விழித்துத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குள் இறங்கிச் சென்று, அவ்வூரில் காணாமற்போன ஒருவராகவே நடந்துகொள்கிறார். நிகழ்ச்சி வியப்பானது; ஊரோ முற்றிலும் இயல்பானது. ஏதோ ஒரு வீட்டின் தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் பழைய தமிழ்ப் படங்களின் பாடல்களும் உரையாடல்களும் இடைவிடாது மிதந்து வருகின்றன. நம் சிற்றூர்களின் நண்பகல் உண்மையிலேயே அப்படித்தான் ஒலிக்கிறது. ஒளிப்படக்கருவி பெரும்பாலும் அசையாது நிற்க, மனிதர்கள் அதற்குள் வந்து செல்கின்றனர்.

எங்கே கிடைக்கும்

இப்படங்களைத் தேட இரண்டு பட்டியல்கள் உதவும். ஒன்று, ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை. மணிகண்டன் இயக்கத்தில் 2022இல் வந்த 'கடைசி விவசாயி' அப்படிக் கிடைத்த படம். உசிலம்பட்டிப் பகுதியில் நிகழும் அதில் முதன்மைப் பாத்திரமாக நடித்தவர் நல்லாண்டி என்னும் முதிய உழவர். படம் வெளியாகும் முன்பே அவர் மறைந்துவிட்டார். மயில்களைக் கொன்றதாகப் பொய்வழக்கில் சிக்கிய அம்முதியவருக்குத் தம் வழக்கைக் காட்டிலும் தண்ணீரின்றி வாடும் பயிர் பற்றியே கவலை. அவர் நாற்றைத் தொடும் விதத்தை எந்த நடிப்புப் பயிற்சியும் கற்றுத்தர இயலாது.

மற்றொன்று, பன்னாட்டுத் திரைப்பட விழாக்களின் தேர்வுப் பட்டியல். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவில் முதன்மைப் பரிசான புலி விருதைப் பெற்றது. மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில், சினங்கொண்ட தந்தையும் அவரோடு பேச விரும்பாத மகனும் வெயிலில் நடப்பதே படம். ஒன்றேகால் மணிநேர அளவே ஓடும். விழாப் பட்டியலிலிருந்து தேடுவோர்க்கு ஒரு தடங்கல் உண்டு. விழாவில் பெயர்பெற்ற படம் பொதுமக்கள் பார்வைக்கு வர ஆண்டுகள் ஆகலாம். கூழாங்கல் இணையவழித் திரைக்கு வந்தது 2023இல்தான். எனவே பெயரைக் கேள்விப்பட்டதும் குறித்துவைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும்.

திரையரங்கில் வந்தாலோ நிலைமை நேர்மாறானது. பெரிய நடிகர் இல்லாத படத்துக்குக் குறைந்த அரங்குகளும் பிற்பகல் காட்சிகளுமே வாய்க்கின்றன. முதல் வாரத்தில் கூட்டம் சேராவிடில் இரண்டாம் வாரம் படமே இராது. சிற்றூர்ப் பார்வையாளர் 'நன்றாக இருக்கிறது' என்ற செய்தியைக் கேட்டு அரங்குக்குச் செல்லும்போது வேறொரு படத்தின் சுவரொட்டி அங்கே ஒட்டப்பட்டிருக்கும். இத்தகைய படங்களை வெளியான முதல் மூன்று நாள்களுக்குள் பார்த்துவிடுவதே நல்லது.

கைப்பேசியிலும் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம், வேறு வழியில்லாதபோது பார்க்கத்தான் வேண்டும். ஒலிக்காகக் காதொலிப்பானேனும் அணிந்துகொள்வது தகும். மூச்சிரைப்பும் காலடியும் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இறுதிக் காட்சிக்கு மட்டும் அதுவும் போதாது. கருவி மேலெழும்போது பெருந்திரையில் ரங்கசாமி நெடுநேரம் நம் கண்ணுக்குத் தெரிகிறார். காற்றாலைகளுக்கு இடையே அந்தச் சீருடையின் நிறத்தைக்கொண்டு அவரைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறோம். உள்ளங்கைத் திரையில் அவர் சில நொடிகளிலேயே மறைந்துவிடுகிறார்.